ஒரு ரூபாய்க்கு இருபதணா

சண்டைகள் இருவகைப்படும். காரணத்தை வெளியில் சொல்லக் கூடியவை ஒரு வகை. சொல்ல வெட்கப்பட வேண்டியவை மற்றொரு வகை. நிலம், நகை, நாத்தனார் ஆகிய மூன்றும் முதல் வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு மத்தியஸ்தம் பண்ண ஊரில் பெரியவர்கள் உண்டு. அவர்களாலும் ஆகாவிட்டால் கோர்ட்டு உண்டு. ஆனால், "கதவின் மேல் ஈரத் துண்டைப் போடுகிறார், ஆகையால் பிறந்தகம் வந்து விட்டேன்" என்று எந்தப் பெண் வாய் திறந்து சொல்லுவாள்? "விடியற்காலை ஐந்தேகால் மணிக்கு மிக்ஸி போடுகிறாள், ஆகையால் என்னால் இந்த வீட்டில் இருக்க முடியவில்லை" என்று எந்த ஆண்பிள்ளை நாலு பேர் நடுவில் பேசுவான்? சொல்ல முடியாத காரணத்துக்குப் பதிலாக, சொல்லக் கூடிய ஒரு காரணத்தை அவர்கள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காரணத்துக்கு "மரியாதை" என்று பெயர்.

என் தங்கை பெண்ணும் அவள் புருஷனும் சென்னையில் இருக்கிறார்கள். இரண்டு அறை, ஒரு கூடம், ஒரே ஒரு ஸ்நான அறை கொண்ட அடுக்குமாடி வீடு. சென்ற வருஷம் என் இரு கண்களுக்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் புரை எடுக்க வேண்டியிருந்ததால், அந்த வீட்டில் சுமார் இரண்டு மாதம் தங்கினேன். கண்ணுக்குக் கட்டுப் போட்டு உட்கார்ந்திருப்பவன் முன்னால் ஜனங்கள் ஒளிவு மறைவில்லாமல் நடந்து கொள்கிறார்கள். காதுக்கும் சேர்த்துக் கட்டுப் போட்டிருப்பதாக அவர்களுக்கு ஞாபகம். நான் முப்பத்திரண்டு வருஷம் ஒரு கலாசாலையில் உடலியல் சொல்லிக் கொடுத்தவன். தூக்கம், விழிப்பு என்றால் எனக்குக் கொஞ்சம் சபலம் அதிகம். ஆகவே, அந்த வீட்டில் நடந்ததை நான் காதால் மட்டுமல்லாமல் கடிகாரத்தாலும் கவனித்து வந்தேன். இதை எழுத இருவரும் சம்மதித்து விட்டார்கள். பெயர் மட்டும் வேண்டாமாம்.

பெண் கும்பகோணத்தில், கிணறும் கொல்லையும் உள்ள வீட்டில் வளர்ந்தவள். காலை நாலே முக்காலுக்கு அலாரம் இல்லாமல் எழுந்து விடுவாள். இரவு பத்து மணி அடித்தால் பேசிக் கொண்டிருக்கும் வாக்கியத்தின் நடுவிலேயே கண் சொருகி விடும். மாப்பிள்ளை பாங்கியில் உத்தியோகஸ்தர். அவருக்கு இரவு பதினொரு மணிக்குத்தான் புத்தி தெளிவாக வேலை செய்ய ஆரம்பிக்கும். ஒரு மணிக்குப் படுத்து ஏழு மணிக்கு எழுந்திருப்பார். "எழுந்திருப்பார்" என்பதும் உபசார வார்த்தைதான். உட்காருவார் என்று சொல்வதே பொருத்தம்.

சுத்த விஷயத்தில் ஒருவர் சுத்தக்காரர், மற்றவர் அழுக்கு என்று நினைத்து விடாதீர்கள். அப்படியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியமில்லை. இருவருமே மகா சுத்தம். ஆனால் வெவ்வேறு சுத்தம். பெண்ணுக்குத் தண்ணீர் கொட்டிக் கழுவிய தரைதான் சுத்தமான தரை. குளித்து முடித்ததும் இரண்டு வாளி நீரை ஸ்நான அறை முழுவதும் வீசி விட்டுத்தான் வெளியே வருவாள். மாப்பிள்ளையின் தாயார் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். கணவனை இளம் வயதிலேயே இழந்து, ஒற்றை ஆளாகப் பிள்ளையை வளர்த்தவர். அந்த வீட்டில் உலர்ந்த தரைதான் சுத்தம். ஈரத் தரை என்பது கிருமியும் வழுக்கலும் சேர்ந்த அபாயம். தெருவில் உடுத்திச் சென்ற துணியோடு படுக்கையில் உட்காருவது அவருக்குச் சகிக்காது. அவளோ கோயிலுக்குப் போய் வந்ததும் நேரே கட்டிலில்தான் உட்காருவாள். கோயிலுக்குக் கட்டிக் கொண்டு போன புடவையில் என்ன அசுத்தம் என்பது அவள் கட்சி. தண்ணீர்ப் புட்டியை அவர் வாய் வைத்துக் குடித்து விட்டுத் திரும்பக் குளிர்பெட்டியில் வைப்பார். அவளுக்கு அது எச்சில். அவருக்கு அது தம் வீட்டுத் தண்ணீர். இருவரில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், இரு பக்கமும் ஒரு வளர்ப்பு இருக்கிறது என்றுதான் சொல்லலாம். இந்த "வளர்ப்பு" என்ற வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். அதனால்தான் விபரீதம் வந்தது.

முதலில் துண்டின் கதையைச் சொல்லி விடுகிறேன். மாப்பிள்ளை குளித்து விட்டு வந்ததும், படுக்கையறைக் கதவின் மேல் விளிம்பில் ஈரத் துண்டை மடித்துப் போடுவார். கல்யாணமான புதிதில் அவள் நேராகவே சொன்னாள்: "கொடியில் போடுங்களேன்." அவரும் சரி என்றார், நாலு நாள் போட்டார், ஐந்தாம் நாள் மறந்தார். இரண்டாம் முறையும் சொன்னாள். மூன்றாம் முறை சொல்ல அவளுக்கு வெட்கமாயிருந்தது. ஒரு படித்த பெண் ஒரே விஷயத்தை எத்தனை முறைதான் சொல்லுவாள்? ஆகவே, "இந்தக் கதவு வீங்கிப் போய் விட்டது. சாத்தவே முடியவில்லை" என்று ஒரு நாள் பொதுவாகச் சொன்னாள்.

அவர் மறுநாளே தச்சரை அழைத்து வந்து கதவை இழைக்கச் செய்து விட்டார்.

நேயர்கள் சிரிக்கலாம். நானும் கண் கட்டுக்குள்ளேயே சிரித்தேன். ஆனால் அந்தத் தச்சர் உளி இழைப்புளியோடு வந்த நாளிலிருந்துதான் அந்த வீட்டில் எரிச்சல் போய் அவமானம் குடியேறியது. அவள் குறிப்பாகச் சொன்னதை அவர் வேண்டுமென்றே பரிகாசம் செய்ததாக அவள் நிச்சயித்தாள். மனைவி சொன்ன வார்த்தைக்கு மதிப்புக் கொடுத்து, அரை நாள் லீவு போட்டு, கைக்காசு செலவழித்துக் கதவைச் சரி செய்த தமக்கு ஒரு புன்னகை கூடக் கிடைக்கவில்லையே என்று அவர் நினைத்தார். அதன் பிறகு அவள் துண்டைப் பற்றிப் பேசவேயில்லை. தினமும் அவர் ஆபீசுக்குப் புறப்படுமுன்பே அதை எடுத்துக் கொடியில் "தொப்"பென்று போடுவாள். அந்த ஓசையில் சகல அர்த்தமும் அடங்கியிருப்பதாக அவள் எண்ணம். அவருக்கோ அது துணி உலர்த்தும் ஓசை.

இதில் சூட்சுமம் ஒன்று இருக்கிறது. ஓர் ஒழுங்கீனம் எத்தனை தூரம் வளர்ந்தால் கண்ணில் உறுத்தும் என்பதற்கு ஒவ்வொரு மனிதருக்கும் ஓர் அளவு உண்டு. அவளுக்கு ஒரு துண்டு போதும். அவருக்கு மூன்று துண்டுகள் சேர்ந்து, நாலாவதுக்கு இடமில்லாமற் போனால்தான் உறுத்தும். உறுத்தல் யாருக்கு முதலில் வருகிறதோ அவரே முதலில் கையை நீட்டுகிறார். அவர் எடுத்து விடுவதால் மற்றவருடைய அளவு ஒரு நாளும் எட்டப்படுவதேயில்லை. ஆகவே மற்றவர் கண்ணில் அந்த ஒழுங்கீனம் தோன்றுவதே கிடையாது. தோன்றாத ஒன்றை நீக்கியதற்கு அவர் எப்படி நன்றி சொல்லுவார்? முதல் மாதம் தயவாகச் செய்த வேலை, ஆறாம் மாதம் அவளுடைய வேலையாகி விடுகிறது. மூக்கு விஷயமும் இப்படித்தான். ஈரத் துணியின் வாடையிலேயே இருப்பவனுக்குச் சில நிமிஷங்களில் அந்த வாடை தெரியாமற் போய் விடும். வெளியிலிருந்து உள்ளே வருகிறவருக்குத்தான் தெரியும். "இந்த நாற்றம் கூடவா தெரியவில்லை?" என்று அவள் கேட்டது நியாயமான கோபம். அவர் "தெரியவில்லையே" என்றது நூற்றுக்கு நூறு உண்மை.

ஒரு நாள் மாலை நான் இருவரையும் தனித்தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டேன். அணா 1957-ல் புதுக் காசு வந்ததோடு மெள்ள விடை பெற்றுக் கொண்டு விட்டது. ஆனால் என் போன்ற கிழவர்களின் கணக்கில் இன்னும் இருக்கிறது. "இந்த வீட்டு வேலை மொத்தமும் பதினாறு அணா என்றால் அதில் நீ செய்வது எத்தனை அணா, குழந்தாய்?" என்றேன். அவள் யோசிக்காமலே, "பதினாலு அணா, மாமா" என்றாள். "மாப்பிள்ளை, உங்கள் பங்கு எவ்வளவு?" என்றேன். அவர் நிதானமாகக் கணக்குப் பார்த்து, "ஆறணா இருக்கும்" என்றார். ஆக, ஒரு ரூபாய்க்கு இருபதணா!

இது எங்கள் வீட்டு விசேஷம் அல்ல. 1979-ம் வருஷம் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிக்கோலி என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் 37 தம்பதிகளிடம் இத்தகைய கேள்விகளைக் கேட்டார்கள். வீட்டுக் காரியங்கள் பெரும்பாலானவற்றில் இருவர் சொன்ன பங்கையும் கூட்டினால் முழுமைக்கு மேலே போயிற்று. பொய் சொல்கிறார்கள் என்பதல்ல. தான் செய்த வேலை, அதன் முதுகு வலியோடும் அலுப்போடும் முழுவதும் நினைவில் நிற்கிறது. மற்றவர் செய்த வேலையிலோ பலன் மட்டும்தான் கண்ணில் படுகிறது. பல சமயம் அதுவும் படுவதில்லை. அந்த வீட்டில் குடிதண்ணீர் நள்ளிரவுக்கு மேல் ஒரு மணி நேரம்தான் வரும். மாப்பிள்ளைதான் குடங்களையும் பீப்பாயையும் பிடித்து நிரப்பி, மூடி போட்டு வைப்பார். அவள் நாலே முக்காலுக்கு எழுந்து வந்தால் தண்ணீர் தயாராயிருக்கும். குடங்கள் தாமாகவே இரவில் ஊறிக் கொண்டது போலத்தான் அவளுக்குத் தோற்றம். அந்தத் தண்ணீருக்கு அவளுடைய கணக்கில் எத்தனை அணா போட்டிருந்தாள் என்று பின்னால் கேட்டேன். "ஐயோ, அது ஒரு வேலையா?" என்று வாயில் விரலை வைத்தாள்.

இனித் தூக்கத்துக்கு வருகிறேன். துண்டைவிட இதுதான் பொல்லாதது. துண்டில் இருவருக்கும் கண் திறந்திருக்கிறது. தூக்க விவகாரத்தில் எப்போதும் ஒருவர் அரை மயக்கத்தில் இருக்கிறார்.

"பத்து மணிக்குப் படுத்தால் தூக்கம் வராமலா போய் விடும்? மனம் வைக்க வேண்டும்" என்பது பெண்ணின் வாதம். அவர் மனம் வைத்துத்தான் பார்த்தார். பத்து மணிக்குப் படுத்து மின்விசிறியை எண்ணினார்; அது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. உடம்பின் கடிகாரத்தில் ஒரு வேடிக்கை என்னவென்றால், ஒருவன் வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்திய இரண்டு மூன்று மணி நேரம்தான் அவனுக்குத் தூக்கம் வருவது மிகவும் கடினமான நேரம். அணையப் போகும் விளக்கு ஒரு முறை பிரகாசிப்பது போல. ஒரு மணிக்குத் தூங்குகிறவருக்குப் பத்து மணி என்பது அந்தப் பிரகாசத்தின் நடு மத்தி. அதே பத்து மணி அவளுக்குத் தூக்கத்தின் வாசற்படி.

மனம் வைத்தால் மாற்றிக் கொள்ளலாமா என்பதை ஒரு புண்ணியவான் தம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார். அவர் பெயர் நதானியல் கிளைட்மன். சிக்காகோ சர்வகலாசாலையில் தூக்கத்தை ஆராய்ந்தவர். 1938-ம் வருஷம் அவரும் ரிச்சர்ட்ஸன் என்ற வாலிப மாணவரும் அமெரிக்காவில் கெண்டக்கி மாகாணத்திலுள்ள மாம்மத் குகைக்குள் 32 நாட்கள் வாசம் செய்தார்கள். சூரிய வெளிச்சம் எட்டாத அந்த இடத்தில், நாளொன்றுக்கு 24 மணிக்குப் பதில் 28 மணி என்று வைத்துக் கொண்டு, 19 மணி விழித்து 9 மணி படுத்தார்கள். இருவருக்கும் ஒரே குகை, ஒரே உணவு, ஒரே சட்டம். இருபதுகளில் இருந்த மாணவர் புதிய கணக்குக்குப் பழகி விட்டார். நாற்பதைத் தாண்டியிருந்த ஆசிரியரின் உடம்பு கடைசி வரை பழைய 24 மணியை விடவில்லை. உலகத்திலேயே தூக்கத்தைப் பற்றி அதிகம் அறிந்தவர், தூங்க வேண்டும் என்று சங்கல்பம் செய்து கொண்டு, அதற்காகவே பாதாளத்தில் இறங்கியவர், அவரால் முடியவில்லை. இதற்கு மனம் போதாதென்று யாராவது சொல்ல முடியுமா?

இந்தக் கடிகாரம் உடம்பின் உயிரணுக்களிலேயே இருக்கிறதென்பதும், அதை நடத்தும் பரம்பரை அம்சங்கள் எவை என்பதும் பிற்பாடு தெரிந்தன. அந்த ஆராய்ச்சிக்காக மூவருக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இதைச் சாக்காக வைத்துக் கொண்டு யாரும் பன்னிரண்டு மணி வரை படுத்திருக்கக் கூடாது. காலையில் வெளிச்சத்தில் நடந்தும், இரவில் பிரகாசமான விளக்கையும் கைப்பேசியையும் குறைத்தும் கடிகாரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளலாம். மாப்பிள்ளை பிற்பாடு இப்படிச் செய்து ஒரு மணியைப் பன்னிரண்டேகால் ஆக்கினார். அதற்கு மேல் நகரவில்லை. வயது ஏற ஏறத் தானாகவே கொஞ்சம் முன்னால் வரும். இருபது வயதில் கோட்டான்களாக இருந்த என் மாணவர்கள் பலர் இப்போது ஐந்து மணிக்குக் கடற்கரையில் நடக்கிறார்கள்.

இந்த நேர வித்தியாசம் மரியாதைக் குறைவாக மாறும் இடம் எது என்று நான் தேடினேன். படுக்கும் நேரத்தில் இல்லை, பேச்சில் இருந்தது. காலை ஏழு மணிக்கு அவர் கண் விழித்ததும், இரண்டேகால் மணி நேரம் தனியாக விழித்திருந்து வீட்டுக் காரியமெல்லாம் மனத்தில் அடுக்கி வைத்திருக்கும் பெண் ஆரம்பிப்பாள்: "காஸுக்குச் சொல்லியாயிற்றா? அம்மாவுக்கு டிக்கெட்டு? சொசைட்டி மனிதர் வந்தாரே, என்ன சொன்னீர்கள்?" அவர் "உம்" என்பார். தூங்கி எழுந்த முதல் அரை மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும், மூளை முழுவதும் விழித்துக் கொள்வதில்லை. கால் நடக்கும், வாய் "உம்" கொட்டும், சொன்னது மனத்தில் தங்காது. பிறகு, "காலையில் தலையை ஆட்டினீர்களே!" என்று அவள் கேட்டால், "எப்போது?" என்பார். இது அவளுக்கு அவமானம். இரவு பத்தரைக்கு இதே நாடகம் வேஷம் மாறி நடக்கும். ஆபீசில் மேலதிகாரி சொன்ன கடுஞ்சொல், வீட்டுக் கடன், தாயாரின் மூட்டு வலி என்று அவர் மனத்தைத் திறப்பார். அவள், "நாளைக்குப் பேசலாமே" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக் கொள்வாள். இது அவருக்கு அவமானம். இருவரும் நன்றாக விழித்திருக்கும் நேரம் என்று ஒன்று உண்டு. மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை. அந்த இரண்டு மணி நேரத்தைத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு இனாமாகச் சாஸனம் செய்து கொடுத்திருந்தார்கள்.

நான் ஊர் திரும்பிய மூன்றாம் வாரம் தங்கையிடமிருந்து டெலிபோன் வந்தது. பெண் பெட்டியோடு வந்து விட்டாள். விசாரித்ததில், அவள் ஒரு நாள் தாயாருடன் டெலிபோனில் பேசும்போது, எச்சில் புட்டியைப் பற்றிச் சொல்லி, "வளர்ப்பு அப்படி" என்று முடித்திருக்கிறாள். அவர் கூடத்தில் கேட்டுக் கொண்டிருந்திருக்கிறார். தகப்பனில்லாத பிள்ளையை இரவு டியூட்டி பார்த்து வளர்த்த தாயாரை அந்த ஒரு வார்த்தை தொட்டு விட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்துச் சிநேகிதர்கள் வந்தபோது, காலைத் தொடைக்காமல் உள்ளே வந்த ஒருவரிடம், "ஜாக்கிரதை, எங்கள் வீட்டில் ஒரு சானிடரி இன்ஸ்பெக்டர் இருக்கிறார்" என்றாராம். எல்லோரும் சிரித்தார்கள். அவள் காபித் தட்டை வைத்து விட்டு உள்ளே போய்ப் பெட்டியை எடுத்தாள்.

எல்லாமே தப்பெண்ணம்தான், ஒருவரும் ஒருவரை அவமதிக்கவில்லை என்று சொல்லி விட்டால் மத்தியஸ்தனுக்குச் சௌகரியம். நான் அப்படிச் சொல்லவில்லை. துண்டும் மிக்ஸியும் அவமரியாதை அல்ல. இந்த இரண்டு வாக்கியங்களும் அவமரியாதைதான். பழக்கத்தை விட்டு ஆளையும், ஆளை விட்டு அவரைப் பெற்றவளையும் ஒன்று தொட்டது. வீட்டுக்குள் இருந்த குறையை நாலு பேர் சிரிப்புக்கு வைத்தது மற்றொன்று. நேராகச் சொன்னதைக் கேட்டு, ஒப்புக் கொண்டு, பிறகு மறக்கிறவன் கவனக் குறைவுள்ளவன். நேராகச் சொன்னதைக் கேட்டு, "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று சிரிக்கிறவன் வேறு ஜாதி. விருந்தாளி வந்தால் மட்டும் துண்டு கொடிக்குப் போகிறதே, அப்படியானால் தெரிந்தே செய்கிறார் என்றுதானே அர்த்தம் என்று என் தங்கை கேட்டாள். அது சரியான சோதனை அல்ல. அன்னியர் வருகிறார் என்றால் யாருக்கும் புலன்கள் விழித்துக் கொள்கின்றன. சொந்த வீடு என்பதே புலன்களைத் தளர விடும் இடம்.

நான் சென்னைக்கு மறுபடி போனேன். முதலில் இருவரும் அந்த இரண்டு வார்த்தைகளுக்காக ஒருவரிடம் ஒருவர் வருத்தம் சொல்லிக் கொள்ள வேண்டும், அது முடியாமல் துண்டைப் பற்றிப் பேச மாட்டேன் என்றேன். அவள் மாமியாருக்கே டெலிபோன் செய்தாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அரை மணி நேரம் பேசினார்கள். மாப்பிள்ளை என் எதிரில் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே முறை.

பிறகு நடந்ததெல்லாம் தச்சு வேலை. கதவுக்குப் பக்கத்தில், அவர் கை தானாகப் போகும் உயரத்தில், சுவரில் இரண்டு பித்தளைக் கொக்கிகள் அடித்தோம். அதே தச்சர்தான் வந்தார். கொடி பால்கனியில் இருந்தது. குளித்து விட்டு வரும் மனிதன் பதினைந்து அடி நடந்து போய்த் துண்டு போடுவான் என்று எதிர்பார்ப்பதைவிட, துண்டு விழும் இடத்தில் கொக்கியை வைப்பது சுலபம். ஸ்நான அறைக்குத் தண்ணீர் தள்ளும் ரப்பர் கட்டை ஒன்று வாங்கினோம். அவள் முதலில் குளித்து, மனம் போல் வாளி வாளியாகக் கொட்டலாம். கடைசியில் குளிக்கிறவர் அவர். கட்டையால் தள்ளி உலர வைக்க வேண்டியது அவர் பொறுப்பு. கழுவிய தரையும் ஆயிற்று. உலர்ந்த தரையும் ஆயிற்று. மிக்ஸிக்குத்தான் பெரிய மகாநாடு நடந்தது. மாவையும் பொடியையும் இரவு எட்டரைக்கே அரைத்து விடச் சம்மதித்தாள். தேங்காய்ச் சட்னியை மட்டும் முதல் நாள் இரவே அரைத்துக் குளிர்பெட்டியில் வைக்கவே மாட்டேன் என்றாள். அதில் அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆகவே, தேங்காய் துருவி வைப்பது ஐந்து மணிக்கு, அரைப்பது ஏழு மணிக்கு என்று முடிவாயிற்று. அவர் ஒன்பதேகாலுக்குத்தான் புறப்படுகிறார். சட்னிக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

வேலைப் பங்கீட்டில் ஒரு மாறுதல் செய்தோம். "உதவி" என்ற வார்த்தையை எடுத்து விட்டோம். ஸ்நான அறை முழுவதும் அவருடையது: தேய்ப்பது மட்டுமல்ல, எப்போது தேய்க்க வேண்டும் என்று கவனிப்பதும், பினாயில் தீர்ந்ததா என்று பார்ப்பதும், வாங்கி வருவதும். அவள் போய்ப் பரீட்சை பண்ணக் கூடாது. இந்தக் கடைசி ஷரத்துத்தான் அவளுக்கு மகா கஷ்டமாயிருந்தது. முதல் வாரம் மூலையில் பாசி கொஞ்சம் கட்டியது. பல்லைக் கடித்துக் கொண்டு இருந்தாளாம். பத்தாம் நாள் அவரே அதைக் கண்டுபிடித்து, ஏதோ புதிய தீவு கண்டவர் போல வந்து சொன்னார். அவர் கண்ணிலும் ஓர் அளவு இருக்கத்தான் செய்கிறது. அதை எட்டும் வரை யாரும் காத்திருந்ததில்லை, அவ்வளவுதான். பேச்சுக்கு மாலை ஏழரையிலிருந்து எட்டு வரை என்று ஒதுக்கினார்கள். காலையில் அவர் காபி குடித்து முடிக்கும் வரை கேள்வி கிடையாது. பத்து மணிக்கு மேல் கடனும் மேலதிகாரியும் கிடையாது.

எல்லாம் சரியாகி விட்டதென்று நான் சொல்லவில்லை. தண்ணீர்ப் புட்டியில் அவர் இன்னும் வாய் வைத்துத்தான் குடிக்கிறார். சிவப்பு மூடி போட்ட ஒரு புட்டி அவருக்கென்று தனியாக இருக்கிறது. கோயிலிலிருந்து வந்து அவள் இன்னும் கட்டிலில்தான் உட்காருகிறாள். அதன் மேல் ஒரு பழைய போர்வை விரித்திருக்கிறது. சில நாள் துண்டு கதவிலேயே கிடக்கிறது. அப்போது, "துண்டு" என்று ஒரே வார்த்தை சொல்லுகிறாள். அவர் எழுந்து போய் எடுக்கிறார். கதவு வீங்கியதாக யாரும் சொல்லுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் இன்னும் தீரவில்லை. வாரம் முழுவதும் நாளுக்கு ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி என்று தூக்கத்தில் கடன் வைக்கிறவர், ஞாயிறன்று ஒன்பதரை வரை படுத்து அதை அடைக்கிறார். அன்றைக்குத்தான் எங்கள் பந்துக்கள் ஏழு மணிக்கே வந்து கதவைத் தட்டுகிறார்கள். "மாப்பிள்ளை எங்கே?" என்று கேட்பவர்களிடம் முன்பெல்லாம், "தலைவலி" என்றோ, "ராத்திரி ஆபீஸ் வேலை" என்றோ முகம் சிவந்து சொல்லுவாள். சென்ற மாதம் நான் போயிருந்தபோது, கும்பகோணத்துப் பெரியப்பா வந்து கேட்டார். "தூங்குகிறார், பெரியப்பா" என்று சொல்லி விட்டு, காபி டபராவை ஓசைப்படாமல் அவர் முன் வைத்தாள். பெரியப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் பத்திரிகையைப் பிரித்துக் கொண்டேன்.